தொட்டி, மீட்டர், அலை: தொகையீடு வேலை செய்யும் மூன்று இடங்கள்

முதலாம் ஆண்டு பொறியியல் வகுப்புக்கு வந்திருக்கும் உங்களை வரவேற்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் தொகையீட்டுக் கணக்குகளைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். ஆனாலும் "தொகையீடு என்றால் என்ன?" என்று முதல் வகுப்பில் கேட்டால், ஆண்டுதோறும் ஒரே விடைதான் வருகிறது: "வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பு." விடை தவறில்லை. ஆனால் அடுத்த கேள்வியாக, "உங்கள் வீட்டு மின்கட்டணம் எந்த வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பு?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. பரப்பு என்பது தொகையீட்டை வரைந்து காட்டும் ஒரு படம். அந்தப் படத்தையே பொருளாக எடுத்துக்கொண்டதால் வந்த தடுமாற்றம் இது.

ஆகவே இன்று கரும்பலகையை விட்டுவிட்டு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மோட்டார் அறைக்கும் மொட்டைமாடிக்கும் போய்வருவோம். அங்கே நீர் ஓடுகிறது, மின்சாரம் செலவாகிறது, செலவுக்குக் கட்டணம் வருகிறது, மின்னழுத்தம் அலையாக ஏறி இறங்குகிறது. இந்த நான்கிலும் ஒரே செயல்தான் நடக்கிறது.

## வீதமும் தொகையும்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஏதோ ஒன்றின் ஓர் அலகுக்கு இன்னொன்று எவ்வளவு என்று சொல்வது வீதம். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், ஒரு யூனிட்டுக்கு இத்தனை ரூபாய், விநாடிக்கு இத்தனை ஜூல் என்பவை எல்லாம் வீதங்கள்.

குழாயடியில் பத்து லிட்டர் வாளியை வைக்கிறீர்கள். கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் பார்த்தால் வாளி முப்பது விநாடியில் நிரம்புகிறது. அப்படியானால் பாய்வு வீதம் நிமிடத்துக்கு 20 லிட்டர். இந்த வீதம் மாறாமல் இருந்தால், பத்து நிமிடத்தில் வரும் நீரைக் கண்டுபிடிக்க எந்த நுண்கணிதமும் வேண்டாம். 20-ஐ 10-ஆல் பெருக்கினால் 200 லிட்டர். வீதம் நடுவிலேயே மாறிக்கொண்டிருந்தால் இந்தப் பெருக்கல் நின்றுவிடுகிறது, ஏனென்றால் எந்த நொடியின் வீதத்தை எடுத்துப் பெருக்குவது என்ற கேள்விக்கு விடை இல்லை. அந்த இடத்தில்தான் தொகையீடு வருகிறது. மாறிக்கொண்டே இருக்கும் வீதத்தைக் கொண்டு மொத்தத்தைக் கண்டுபிடிக்கும் பெருக்கல் என்று அதைச் சொல்லலாம்.

## தொட்டி எத்தனை நிமிடத்தில் காலியாகும்?

மொட்டைமாடியில் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராக உள்ள ஒரு சிமெண்ட் தொட்டி இருப்பதாகக் கொள்வோம். நிரம்பினால் 1,000 லிட்டர் கொள்ளும். அதன் அடிப்பக்கத்தில் ஏறத்தாழ அரை அங்குலத் துளை ஒன்று இருக்கிறது. அதன் வழியாக நீர் நேரே வெளியே விழுகிறது. தொட்டி நிறைந்திருக்கும்போது வாளியை வைத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர் வருகிறது. தொட்டி எப்போது காலியாகும்?

"1,000-ஐ 20-ஆல் வகுத்தால் 50, ஐம்பது நிமிடம்" என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். ஐம்பதாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இன்னும் 250 லிட்டர் இருக்கும். தொட்டி காலியாக உண்மையில் 100 நிமிடம் ஆகும், அதாவது நாம் சொன்னதைப்போல் சரியாக இரு மடங்கு.

காரணம் எளியது. நீர்மட்டம் இறங்க இறங்க நீரை வெளியே தள்ளும் அழுத்தமும் குறைகிறது. துளையிலிருந்து வரும் நீரின் வேகம் மேலே உள்ள நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை இத்தாலியரான டாரிசெல்லி 1644-இல் வெளியிட்டார். உயரம் கால்பங்கானால் வேகம் பாதியாகும். இந்த விதியை நம் தொட்டியில் வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் எண்களைப் பாருங்கள்.

| கழிந்த நிமிடம் | நீர்மட்டம் (செ.மீ.) | 10 லிட்டர் வாளி நிரம்பும் நேரம் | பாய்வு வீதம் (லிட்டர்/நிமிடம்) |
|---|---|---|---|
| 0 | 100 | 30 விநாடி | 20 |
| 20 | 64 | 37.5 விநாடி | 16 |
| 40 | 36 | 50 விநாடி | 12 |
| 60 | 16 | 75 விநாடி | 8 |
| 80 | 4 | 150 விநாடி | 4 |
| 100 | 0 | – | 0 |

(வாளி நிரம்பும் நேரத்துக்குள்ளேயே வீதம் சற்றுக் குறையும், அதை இங்கே பொருட்படுத்தவில்லை.)

கடைசிப் பத்தியைக் கவனியுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வீதம் நான்கு நான்காகக் குறைகிறது. வரைந்தால் அது 20-இல் தொடங்கி 0-இல் முடியும் ஒரு நேர்கோடு. இப்போது இந்த வீதங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மொத்தம் எவ்வளவு நீர் வெளியேறியது என்று கணக்கிட முயல்வோம். விடை 1,000 லிட்டர் என்பது நமக்குத் தெரியும் என்பதால், நம் முறை சரிதானா என்று உடனுக்குடன் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நூறு நிமிடத்தை இருபது இருபது நிமிடங்களாக ஐந்து துண்டுகளாக வெட்டுகிறோம். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் இருந்த வீதமே அந்தத் துண்டு முழுவதும் நீடித்தது என்று வைத்துக்கொண்டால், 20 × (20 + 16 + 12 + 8 + 4) = 1,200 லிட்டர் வருகிறது. இது கூடுதல், தொட்டியில் இல்லாத நீரைக் கணக்கில் சேர்த்துவிட்டோம். மாறாக, ஒவ்வொரு துண்டின் இறுதியில் இருந்த வீதத்தை எடுத்தால், 20 × (16 + 12 + 8 + 4 + 0) = 800 லிட்டர். இது குறைவு. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

துண்டுகளைச் சிறிதாக்கிப் பாருங்கள். பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டினால் இரு விடைகளும் 1,100, 900 என்று நெருங்கிவருகின்றன. ஒரு நிமிடத் துண்டுகளானால் 1,010, 990. துண்டு சிறுத்துக்கொண்டே போக, மேலிருந்து இறங்கும் விடையும் கீழிருந்து ஏறும் விடையும் ஒரே எண்ணை நோக்கி வருகின்றன. அந்த எண்ணைத்தான் தொகையீடு என்கிறோம். எழுதும்போது

∫ Q dt

என்று எழுதுகிறோம். Q என்பது அந்த நொடியின் வீதம். dt என்பது மிகச் சிறிய ஒரு காலத் துண்டு. Q dt என்பது அந்தத் துண்டுக்குள் வந்த நீர். முன்னால் உள்ள நீண்ட குறி எல்லாத் துண்டுகளையும் கூட்டச் சொல்கிறது. லைப்னிட்ஸ் 1675-இல் அந்தக் குறியை முதன்முதலில் எழுதியபோது, கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதல் எழுத்தைத்தான் நீட்டி எழுதினார். தமிழில் நாம் வைத்த பெயரிலும் தொகை என்ற சொல்லே இருப்பதால், இந்த ஒரு விஷயத்தில் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு விளக்கம் குறைவாகவே தேவைப்படும்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் வீட்டுத் தொட்டியில் சோதித்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். துளை தொட்டியின் அடியிலேயே இருந்து நீர் அங்கேயே வெளியே விழுந்தால்தான் நேரம் இரு மடங்காகும். குழாய் தொட்டியிலிருந்து ஒன்பது மீட்டர் கீழே இறங்கித் தரைத்தளத்தில் திறக்கிறது என்றால், நீரைத் தள்ளும் உயரம் தொடக்கத்தில் 10 மீட்டர், இறுதியில் 9 மீட்டர். வீதம் ஐந்து விழுக்காடுதான் குறையும். 20 லிட்டரில் தொடங்கியது 19 லிட்டரில் முடியும்; அங்கே வெறும் வகுத்தலே போதுமானது, 51 நிமிடத்துக்கு அருகில் விடை வந்துவிடும். தொகையிட வேண்டுமா, வெறுமனே பெருக்கினால் போதுமா என்பதை முடிவுசெய்வது வீதம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வீதம் மாறும்போது, மாற்றம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குக் காலத்தைச் சிறிய துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறோம். வீத வரைபடத்தின் கீழே உள்ள பரப்பும் இதே எண்தான் (அரை × 100 × 20 = 1,000), ஆனால் அந்தப் பரப்பின் அலகு சதுர மீட்டர் அல்ல; நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்பதை நிமிடத்தால் பெருக்கியதால் வந்த லிட்டர்.

## மீட்டர் என்னும் தொகையிடும் கருவி

இனி கீழே மோட்டார் அறைக்கு வருவோம். சுவரில் மின்வாரியத்தின் மீட்டர் இருக்கிறது. அதன் முகப்பில் சிவப்பு விளக்கொன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். அருகில் `3200 imp/kWh` என்பதுபோல ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். எண் மீட்டருக்கு மீட்டர் மாறலாம். 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் செலவாகியிருக்கிறது என்பது அதன் பொருள்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். செய்தித்தாள்களிலேயே இவை குழம்பிக் கிடக்கின்றன. ஆற்றல் என்பது செலவான மொத்தம். திறன் என்பது அது செலவாகும் வீதம். வாட் என்பது திறனின் அலகு, அதாவது விநாடிக்கு ஒரு ஜூல். யூனிட் என்பது ஆற்றலின் அலகு. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஆவது, அதாவது 36 லட்சம் ஜூல். திறன் வாளியில் விழும் நீரின் வீதம் போன்றது என்றால், ஆற்றல் வாளியில் சேர்ந்த நீர்.

36 லட்சத்தை 3,200-ஆல் வகுத்தால் 1,125. ஒவ்வொரு சிமிட்டலும் 1,125 ஜூல். ஒரு குதிரைத்திறன் மோட்டார் 1,125 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், விளக்கு விநாடிக்கு ஒருமுறை சிமிட்டும். (ஒரு குதிரைத்திறன் 746 வாட்தானே என்று கேட்கலாம். அது மோட்டார் அச்சில் கிடைக்கும் திறன். வெப்பமாகவும் உராய்வாகவும் போவதையும் சேர்த்துத்தான் மீட்டர் எண்ணும்.)

மோட்டார் நாற்பது நிமிடம் ஓடியது. முதல் முப்பது நிமிடம் விநாடிக்கு ஒரு சிமிட்டல். அதன் பிறகு கீழ்த்தொட்டியில் நீர் தீர்ந்து பம்பு காற்றை இழுக்கத் தொடங்கியது. சுமை 750 வாட்டுக்கு இறங்கியது. சிமிட்டல் ஒன்றரை விநாடிக்கு ஒன்றாயிற்று. முதல் பகுதியில் 1,800 சிமிட்டல், இரண்டாம் பகுதியில் 400, ஆக 2,200. இதை 3,200-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.69 யூனிட். மீட்டர் செய்த இந்த எண்ணிக்கையே திறனின் தொகையீடு. நாம் தொட்டிக் கணக்கில் சம அளவுக் காலத் துண்டுகளை எடுத்தோம். மீட்டரின் விளக்கு சம அளவு ஆற்றல் துண்டுகளை எடுக்கிறது. முடிவு ஒன்றுதான்.

பள்ளியில் உங்களைத் துன்புறுத்திய இரண்டு விஷயங்கள் இந்த மீட்டரில் கண்ணுக்குத் தெரிகின்றன. முதலாவது, ஒவ்வொரு விடையின் முடிவிலும் போட மறந்து மதிப்பெண் இழந்த அந்த "+ C". மீட்டரைப் பொருத்திய நாளில் அது பூச்சியத்தில் இருந்ததா, 14,000-இல் இருந்ததா என்பது திறனைப் பார்த்துத் தெரியாது. எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்ற அந்தத் தொடக்க எண்தான் தொகையிடல் மாறிலி. இரண்டாவது, மேல் எல்லையில் உள்ள மதிப்பிலிருந்து கீழ் எல்லையில் உள்ள மதிப்பைக் கழிக்கும் அந்தச் சூத்திரம். ரீடிங் எடுக்க வருபவர் இப்போதைய எண்ணிலிருந்து போன முறை எண்ணைக் கழித்துப் பில்லில் எழுதுகிறார். தொடக்க எண் எதுவானாலும் கழிக்கும்போது அது அடிபட்டுப்போகிறது. வரையறுத்த தொகையீட்டில் C வராததற்குக் காரணம் இதுவே.

## கட்டணம்: காலத்தின் மீது அல்லாத ஒரு தொகையீடு

தொகையீடு என்றாலே காலத்தோடு சேர்ந்தது என்ற எண்ணம் இதற்குள் உங்களுக்கு வந்திருக்கலாம். மின்கட்டணம் அதைக் கலைத்துவிடும். குடியிருப்பின் பொது மீட்டருக்கு வேறு விலை என்பதால், ஒரு வீட்டின் பில்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அட்டவணையின்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை செலவிட்ட வீட்டுக்கு, முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6. பின்னர் விலைகள் மாறிவிட்டன. நமக்கு வேண்டியது அதன் அமைப்பு மட்டுமே.

இங்கே வீதம் "யூனிட்டுக்கு இத்தனை ரூபாய்". அடுத்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் ஆகும் செலவை இறுதிநிலைச் செலவு என்கிறார்கள். இந்த வீதம் நேரத்தைப் பொறுத்து மாறவில்லை. இதுவரை எத்தனை யூனிட் ஆகியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் படிக்கட்டாக ஏறுகிறது. ஆகவே நாம் தொகையிடுவது யூனிட்டின் மீது: 100 × 0, 100 × 2.25, 200 × 4.50, 100 × 6 ஆகியவற்றைக் கூட்டினால் 500 யூனிட்டுக்கு ரூ. 1,725. படிக்கட்டு என்பதால் நான்கு துண்டுகளே போதும்; துண்டுகளைச் சிறிதாக்க வேண்டிய தேவையே இல்லை.

இதில் அன்றாடம் நடக்கும் பிழை ஒன்றைச் சொல்கிறேன். 1,725-ஐ 500-ஆல் வகுத்துச் சராசரி ரூ. 3.45 என்று கண்டுபிடித்தவர், "மாதத்துக்குப் பத்து யூனிட் வீதம் 20 யூனிட்டைக் குறைத்தால் 69 ரூபாய்தானே மிச்சம்" என்று விட்டுவிடுவார். குறைவது உச்சிப் படியில் உள்ள யூனிட்டுகள். அவை ஒவ்வொன்றும் ஆறு ரூபாய். மிச்சம் 120 ரூபாய். சராசரி என்பது தொகையீட்டைத் தொகையிட்ட நீளத்தால் வகுத்தது. வீதமோ இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பது. இரண்டையும் ஒன்றின் இடத்தில் ஒன்றை வைத்துவிட்டால் கணக்கு பாதியாகிவிடுகிறது.

இன்னொன்று இதைவிடச் சுவையானது. வீதம் படியேறும்போது தொகை தாவாது. சாய்வு மட்டும்தான் கூடும். 400-ஆவது யூனிட்டைத் தாண்டும்போது பில் திடீரென எகிறாமல், 4.50 சாய்விலிருந்து 6 சாய்வுக்கு மாறி ஏறிக்கொண்டே போகிறது. ஒரு படியைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கும் புது விலை விழும் என்று பலர் அஞ்சுவது இந்த இடத்தில் தவறு. ஆனால் அதே அட்டவணையில் 501 யூனிட்டுக்கு வந்த பில் ரூ. 1,958. ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய்! தொகையீடு இப்படித் தாவாது என்று தெரிந்தவர், வீதத்தைத் தவிர வேறெதுவோ மாறியிருக்கிறது என்று உடனே சந்தேகிக்க வேண்டும். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அட்டவணையே வேறு. அதில் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் ரூ. 4.50 போடப்பட்டது. அந்த 100 யூனிட்டில் கூடிய 225 ரூபாயும், 501-ஆவது யூனிட்டின் 8 ரூபாயும் சேர்ந்து 233. மக்களின் அச்சம் முழுக்கப் பொய்யல்ல. எந்தப் படியில் அது மெய்யாகிறது என்பதே கேள்வி.

சுருக்கமாக: dx என்று எழுதும் இடத்தில் எதுவும் வரலாம். வீதம் "எதற்கு இத்தனை" என்று சொல்கிறதோ, அதன் மீதுதான் தொகையிட வேண்டும். அலகுகளை எழுதிப் பார்த்தால் பிழை தானே வெளியே தெரியும்.

## அலை: கூட்டினால் பூச்சியமாகும் மின்சாரம்

காலத்தோடு மாறிக்கொண்டு தகவலையோ ஆற்றலையோ சுமந்துவரும் அளவைச் சமிக்ஞை என்கிறோம். மோட்டாருக்கு வரும் மின்னழுத்தமே நமக்குக் கிடைக்கும் மிக எளிய சமிக்ஞை. அது விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிவிநாடி. 230 வோல்ட் என்கிறோமே, அது அந்த அலையின் உச்சம் அல்ல. உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். அப்படியானால் 230 எங்கிருந்து வந்தது?

ஒரு சுற்றைச் சம இடைவெளியில் எட்டு இடங்களில் அளப்போம். வோல்ட்டில் கிடைப்பவை இவை: 0, 230, 325, 230, 0, −230, −325, −230. கூட்டினால் பூச்சியம். பரப்பு என்று மட்டும் மனத்தில் வைத்திருந்தவருக்கு இங்கே முதல் அதிர்ச்சி: அச்சுக்குக் கீழே உள்ள பகுதி கழிக்கப்படுகிறது. முதல் பாதிச் சுற்றில் சேர்ந்ததை இரண்டாம் பாதி துடைத்துவிடுகிறது. ஆனால் இஸ்திரிப் பெட்டி சூடாகத்தானே செய்கிறது?

சூடாக்குவது மின்னழுத்தத்தின் வர்க்கம். மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடினாலும் கம்பி சூடாகும். வர்க்கத்துக்குக் குறை எண் கிடையாது. ஆகவே எட்டு எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டுவோம்: 52,900-உம் 1,05,625-உம் 52,900-உம் சேர்ந்து 2,11,425, இரண்டாம் பாதியிலும் அதே அளவு, மொத்தம் 4,22,850. எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 52,856. வர்க்கமூலம் எடுத்தால் 229.9. நம் 230 வந்துவிட்டது. வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காணும் இந்த எண்ணைப் பயனுறு மதிப்பு என்கிறோம். வரிசை மாறக் கூடாது. முதலில் சராசரி எடுத்துவிட்டுப் பிறகு வர்க்கப்படுத்தினால் பூச்சியம்தான் மிஞ்சும்.

இதே காரணத்தால்தான் மோட்டாரின் திறனை அளக்கும்போது ஒரு தவறு நேர்கிறது. வோல்ட் மீட்டர் 230 காட்டுகிறது. கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டர் 6.1 ஆம்பியர் காட்டுகிறது. பெருக்கினால் ஏறத்தாழ 1,400. ஆனால் சிவப்பு விளக்கின் கணக்குப்படி 1,125 வாட்தான். மீட்டர் ஏமாற்றவில்லை. மோட்டாரின் சுருள்களில் மின்னோட்ட அலை மின்னழுத்த அலைக்குச் சற்றுப் பின்தங்கி வருகிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம் ஒன்று நேர்க்குறியிலும் மற்றது எதிர்க்குறியிலும் இருக்கின்றன. அப்போது பெருக்கற்பலன் குறை எண்ணாகி, சுருள்கள் தாம் சேமித்திருந்த ஆற்றலைக் கம்பிக்கே திருப்பித் தருகின்றன. மின்னணு மீட்டர் இரு அலைகளையும் நொடிக்கு நொடி பெருக்கி, பிறகு கூட்டுகிறது. திருப்பித் தந்தது தானே கழிந்துவிடுகிறது. கிளாம்ப் மீட்டரை வைத்திருப்பவரோ இரண்டையும் தனித்தனியே சராசரியாக்கிவிட்டுப் பிறகு பெருக்குகிறார். இரு விடைகளின் விகிதமான 0.8 என்பதைத்தான் திறன் காரணி என்கிறோம். பெருக்கிய பிறகு தொகையிடுவதும், தொகையிட்ட பிறகு பெருக்குவதும் ஒன்றல்ல என்பதற்கு மோட்டார் அறையிலேயே கிடைக்கும் சான்று இது.

## சிறு பிழையும் சேரும்

தொகையீட்டுக்கு நல்லது, கெட்டது என்ற பாகுபாடு தெரியாது, கொடுத்ததையெல்லாம் கூட்டும். தொட்டியின் வெளியேறு குழாயில் மின்னணுப் பாய்வு மீட்டர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சமிக்ஞையில் இரு வகைப் பிழைகள் இருக்கும். ஒன்று, கூடியும் குறைந்தும் வரும் நடுக்கம். நீண்ட நேரம் கூட்டும்போது கூடியதும் குறைந்ததும் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஆகவே அதைப் பற்றி அதிகம் கவலை இல்லை. மற்றது, எப்போதும் ஒரே திசையில் நிற்கும் பூச்சியப் பிழை. நீர் ஓடாதபோதும் மீட்டர் நிமிடத்துக்கு 0.1 லிட்டர் என்று காட்டுகிறது. 20 லிட்டர் ஓடும் குழாயில் இது அரை விழுக்காடு. திரையைப் பார்ப்பவர் கண்ணில் படாது. ஆனால் ஒரு நாளுக்கு 1,440 நிமிடம்; நாள் முடிவில் ஓடாத நீர் 144 லிட்டர் கணக்கில் ஏறியிருக்கும், மறுநாள் 288.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். தொட்டிக்கு நீர் வரும் குழாயின் வால்வையும், பாய்வு மீட்டருக்கு அப்பால் உள்ள வால்வையும் இரவு பத்து மணிக்கு மூடிவிட்டு, மீட்டரின் எண்ணையும் தொட்டியின் நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். காலை ஆறு மணிக்கு, அதாவது 480 நிமிடம் கழித்து, மீட்டர் 48 லிட்டர் கூடியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: மீட்டர் பூச்சியத்தில் நிற்கவில்லை, அல்லது மூடிய வால்வே கசிகிறது. எது என்று தொட்டி சொல்லும். நம் தொட்டியின் அடிப்பரப்பு ஒரு சதுர மீட்டர் என்பதால், 48 லிட்டர் உண்மையிலேயே போயிருந்தால் மட்டம் 4.8 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். இறங்கவில்லை என்றால், தொகையிடும் முன் ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் 0.1-ஐக் கழிக்க வேண்டும்.